சின்னக் கரப்பானா, பெரிய கரப்பானா?

இரவு 10.40 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எங்கள் வீட்டு முதல் மாடியில் குடியிருப்பவர்களின் சமையல் மேடை. இருட்டில் சட்டென்று விளக்கைப் போட்டு எடுத்த படம் என்று தெரிந்தது. கேஸ் அடுப்பின் காலடியிலிருந்து மைக்ரோவேவுக்குப் பின்பக்கமாகப் பத்துப் பன்னிரண்டு சின்னப் பழுப்புப் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. கீழே அந்தப் பெண் எழுதியிருந்தாள்: “அங்கிள், தாங்க முடியல. பாப்பாவோட ஃபீடிங் பாட்டில் மேலகூட ஏறுது. ஏதாவது பண்ணுங்க.”

“நீங்க குடி வந்தப்போ ஒண்ணுகூட இல்லையேம்மா” என்று தட்டிவிட்டேன். அனுப்பும் முன் அழித்துவிட்டேன். அது பொய்யில்லை. பதினாலு மாதத்துக்கு முன்னால் வெள்ளையடித்து, குழாய்களைப் பார்த்து, காலி வீடாகத்தான் சாவி கொடுத்தேன். ஆனால் அந்த ஒரு வரி போனால் அடுத்து என்ன நடக்கும் என்று முப்பது வருட வாடகை அனுபவத்தில் தெரியும். “நாங்க அழுக்கா வெச்சிருக்கோம்னு சொல்றீங்களா?” என்று பதில் வரும். அதற்கப்புறம் அவர்கள் எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எப்போது முதலில் பார்த்தார்கள், எங்கே அதிகம், சமீபத்தில் என்ன பொருள் வாங்கினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தேவையான தகவல். குடியிருப்பவர்தான் அதைச் சொல்ல முடியும்.

அனுப்பியது இதுதான்: “பார்த்தேன்மா. நாளன்னைக்குக் காலைல 9 மணிக்கு வந்து பார்க்கட்டுமா? அதுவரைக்கும் ஸ்ப்ரே எதுவும் அடிக்க வேண்டாம்.”

ஒரு நாள் இடைவெளி விட்டதற்குக் காரணம் உண்டு. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, பழுது பார்க்கவோ சோதனை போடவோ வீட்டுக்காரர் உள்ளே போக வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். வீடு என்னுடையதுதான். ஆனால் வாடகைக்கு விட்ட பிறகு சமையலறைக் கதவு அவர்களுடையது. ஸ்ப்ரே வேண்டாம் என்றதற்கு வேறு காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

அதே சட்டத்தின் அட்டவணையில் எந்தப் பழுது யாருடையது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கட்டட அமைப்பில் வரும் பழுது, வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, பெரிய வயரிங் வேலை எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச், கதவுப் பூட்டு, ஜன்னல் கொசுவலை எல்லாம் குடியிருப்பவர் தலையில். இவ்வளவு விவரமாக எழுதியவர்கள் பூச்சி என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். நாம் கடையில் வாங்கிப் பெயரை நிரப்பும் 11 மாத அக்ரிமென்ட்டிலும் பெரும்பாலும் அது இருக்காது. அதனால் கரப்பான் வந்தால் யார் செலவு என்பதை நியாயத்தைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த நியாயத்தை மனிதர்களிடம் விசாரிப்பதற்கு முன்னால் கரப்பானிடம் விசாரிப்பது நல்லது.

நம் வீடுகளில் அடிக்கடி பார்ப்பவை இரண்டு வகை. ஒன்று பெரியது. கட்டைவிரல் நீளம், ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர், செம்பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் கேடயம் மாதிரி இருக்கும் பகுதியின் ஓரத்தில் வெளிறிய மஞ்சள் வளையம். அமெரிக்கக் கரப்பான் என்று பெயர். இது வாழ்வது சாக்கடையில், செப்டிக் டேங்க்கில், மேன்ஹோலில். வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் வழி தவறித்தான். இன்னொன்று சின்னது. ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். வெளிர்ப் பழுப்பு. கேடயத்தின் மேல் பேனாவால் இழுத்த மாதிரி இரண்டு கறுப்புக் கோடுகள் இணையாக ஓடும். இது ஜெர்மன் கரப்பான். சாக்கடையில் இதைப் பார்ப்பது அரிது. வெதுவெதுப்பும் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள சமையலறை இடுக்குதான் இதற்கு ஊர். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இது பெரும்பாலும் பொருட்களோடு பயணம் செய்கிறது: அட்டைப்பெட்டி, மளிகைச் சாக்கு, பழைய மிக்ஸி, செகண்ட் ஹாண்ட் ஃபிரிட்ஜ். பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருந்தால் குழாய் போகும் ஓட்டை வழியாக நடந்தே போய்விடும்.

ஆகவே பெரியது வந்தால் முதலில் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். மேன்ஹோல் மூடி, ட்ராப், கழிவுக் குழாயைச் சுற்றியிருக்கும் சந்து, எல்லாம் என் பொறுப்பு. சின்னது வந்தால் யாரோ எதையோ கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த யாரோ இந்த வீட்டில்தான் இருக்கிறார் என்று சட்டென்று முடிவுகட்டக் கூடாது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கோடும் தெரிந்தது.

சொன்ன நாளில் டார்ச்சோடு போனேன். குரோம்பேட்டையில் 1996-இல் கட்டிய வீடு. கீழே நாங்கள். மாடியில் இரண்டு போர்ஷன். ஒன்றில் இந்தக் குடும்பம், இன்னொன்றில் ஐ.டி. வேலை பார்க்கும் இரண்டு பையன்கள். இரண்டு சமையலறையும் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். நடுவில் குழாய்கள் இறங்கும் ஒரு ஷாஃப்ட்.

மைக்ரோவேவை நகர்த்தியதும் சுவரோரம் மிளகுத்தூளைக் கொட்டிய மாதிரி கரும்பொடி. அது கரப்பானின் எச்சம். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்பிலும் அதே. சிங்க்குக்குக் கீழே அலமாரிக் கதவைத் திறந்தபோது கீல் பக்கத்தில் ஏலக்காய் விதை அளவில் பழுப்பு உறைகள் நாலைந்து கிடந்தன. ஜெர்மன் கரப்பான் தன் முட்டை உறையை வாலோடு சுமந்துகொண்டே திரியும். குஞ்சு பொரிக்கும் தருணத்தில்தான் கழற்றிவிடும். ஓர் உறையில் 30, 40 முட்டை. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட ஏறக்குறைய இரண்டு மாதம் போதும். காலி உறைகளும், எள் அளவுக் குஞ்சிலிருந்து முழு வளர்ச்சி வரை எல்லாப் பருவமும் ஒரே இடத்தில் இருந்தால், நேற்று வந்த விருந்தாளி இல்லை, பல மாதமாகக் குடும்பம் நடக்கிறது என்று அர்த்தம்.

“எப்பலேர்ந்தும்மா பார்க்கறீங்க?”

“ஒண்ணு ரெண்டு மே மாசத்துலயே பார்த்தேன் அங்கிள். ஸ்ப்ரே அடிச்சேன், போயிடுச்சு. திரும்ப வந்துச்சு. திரும்ப அடிச்சேன். உங்ககிட்ட சொன்னா தப்பா நினைப்பீங்களோன்னு…”

இதற்குத்தான் அந்த முதல் வரியை அழித்தேன். இப்போது ஆகஸ்ட். மூன்று மாதம் முன்னால் சொல்லியிருந்தால் கால்வாசி வேலையில் முடிந்திருக்கும்.

ஸ்ப்ரே விஷயத்துக்கு வருகிறேன். கடையில் விற்கும் டப்பா ஸ்ப்ரேயில் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு என்ற வகை மருந்து. நேராகப் பட்ட கரப்பான் கவிழ்ந்து காலை உதைத்துச் சாகும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் ஜெர்மன் கரப்பான் உலகெங்கும் இந்த மருந்துக்குப் பழகிப்போன இனம். அதோடு அந்த வாடை அதற்குப் பிடிக்காது. இடுக்கில் இருப்பவை இன்னும் ஆழமான இடுக்கைத் தேடிப் போகும். ஷாஃப்ட் ஓட்டை இருந்தால் அடுத்த வீட்டுக்குப் போகும். இந்தப் பெண் மூன்று மாதமாக அவற்றைக் கொன்றதைவிட அதிகமாகத் துரத்தியிருக்கிறாள். அவள் மேல் தப்பில்லை. எந்த விளம்பரமும் அவளுக்கு இதைச் சொல்லவில்லை.

டார்ச்சைச் சிங்க்குக்கு அடியில் அடித்தபோது என் பங்கு தெரிந்தது. கழிவுக் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் ஓட்டையைக் குழாயைவிடப் பெரிதாக உடைத்து, அப்படியே விட்டிருந்தார்கள். இரண்டு விரல் நுழையும். நாலு வருடம் முன்னால் குழாய் மாற்றிய பிளம்பர் செய்த வேலை. அவரை வைத்துச் செய்தவன் நான். பக்கத்துப் போர்ஷனிலும் அதே குழாய், அதே பிளம்பர், அதே ஓட்டை.

இந்தக் கட்டத்தில் பலர் உடனே மருந்தடிக்க ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். நான் இன்னும் மூன்று ராத்திரி கேட்டு வாங்கிக்கொண்டேன். எலிக்கு வைப்பது போன்ற ஒட்டும் அட்டை, கரப்பானுக்கென்று சின்ன அளவில் கிடைக்கிறது. மடித்தால் கூடாரம் மாதிரி நிற்கும். அதைச் சிங்க் அடியில் ஒன்று, ஃபிரிட்ஜ் பின்னால் ஒன்று, அடுப்புப் பக்கம் ஒன்று, பாத்ரூமில் ஒன்று, ஹாலில் ஒன்று என்று வைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் இடத்தையும் தேதியையும் எழுதினேன். சுவரை ஒட்டி, மூலையில் வைக்க வேண்டும். கரப்பான் நடுத்தரையில் நடக்காது. பையன்களிடம் கேட்டு அவர்கள் வீட்டிலும், எங்கள் வீட்டிலும் அதே மாதிரி வைத்தேன்.

பையன்கள் சிரித்தார்கள். “சார், எங்க வீட்டுல பெருசா ஒண்ணும் தெரியலையே. நாங்க சமைக்கறதே இல்ல.”

நாலாம் நாள் காலை அட்டைகளை எடுத்து வந்து திண்ணையில் பரப்பி எண்ணினேன். குடும்பம் இருக்கும் போர்ஷன்: சிங்க் அடியில் 38, ஃபிரிட்ஜ் பின்னால் 14, அடுப்புப் பக்கம் 9, பாத்ரூமும் ஹாலும் சைபர். சமைக்கவே சமைக்காத பையன்கள் போர்ஷன்: சிங்க் அடியில் 61, ஃபிரிட்ஜ் பின்னால் 47. எங்கள் வீட்டுச் சிங்க் அடியில் 2. “அந்த அட்டையை யாருக்கும் காட்டித் தொலைக்காதீங்க” என்றாள் என் மனைவி.

இந்த எண்களைப் படிக்கும் விதம் இருக்கிறது. எங்கே அதிகமோ அதற்குப் பக்கத்தில்தான் கூடு. குடும்பத்தின் வீட்டில் உணவும் ஈரமும் அதிகம் புழங்கும் அடுப்பைவிட, ஷாஃப்ட் சுவரை ஒட்டிய சிங்க்கில் நாலு மடங்கு. அந்தப் பக்கம் போனால் இன்னும் கூடுதல். பையன்களின் ஃபிரிட்ஜைத் திருப்பிப் பார்த்தோம். கம்ப்ரஸருக்கு மேலே தண்ணீர் சொட்டும் தட்டு வெதுவெதுப்பாக, ஈரமாக, உறைகளால் நிறைந்து கிடந்தது. ஏப்ரலில் ஆன்லைனில் பார்த்து வாங்கிய பழைய ஃபிரிட்ஜ். சமைக்காத வீட்டிலும் ஹோட்டல் பார்சல் டப்பா, பாதி குடித்த குளிர்பானம், கழுவாத டீ டம்ளர் இருக்கும். கரப்பானுக்கு அது தாராளம்.

வழக்கு கிட்டத்தட்ட முடிந்தது போலத் தோன்றும். பையன்கள் கொண்டுவந்தார்கள், பையன்கள் பணம் கட்டட்டும். எனக்கும் அப்படி ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஃபிரிட்ஜோடுதான் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. அட்டை இன்றைய நிலவரத்தைச் சொல்லும், வந்த வழியைச் சொல்லாது. அதோடு ஒரு வீட்டோடு நின்றிருக்க வேண்டியது மூன்று வீட்டுக்கும் பரவியதற்குக் காரணம் அந்த ஓட்டை. ஓட்டை என்னுடையது.

இந்த மாதிரி விஷயத்தில் நான் வைத்திருக்கும் கணக்கு இது. சட்டத்தில் எழுதியதல்ல, என் மனசாட்சிக்கு எழுதிக்கொண்டது. குடி வந்த முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குள் பூச்சி தெரிந்தால் வீட்டோடு வந்தது என்று எடுத்துக்கொள்வேன், என் செலவு. ஒன்றுக்கு மேற்பட்ட போர்ஷனில் இருந்தால் யார் கொண்டுவந்தாலும் கட்டடத்தின் பிரச்சினை, என் செலவு. ஒரே போர்ஷனில், நாள் கழித்து, அவர்கள் சாமான்களைச் சுற்றி மட்டும் இருந்தால் மருந்துச் செலவு அவர்களுடையது. ஓட்டை உடைசலை அடைப்பது அப்போதும் என்னுடையது. இந்தப் பெண் வீட்டில் மட்டும் கரப்பான் இருந்து, பக்கத்து அட்டை காலியாக வந்திருந்தால், ஜெல்லுக்கு அவர்களைத்தான் பணம் கட்டச் சொல்லியிருப்பேன். கூச்சப்பட்டிருக்க மாட்டேன்.

கரையான் இந்தக் கணக்கில் சேராது. அது மண்ணிலிருந்து அஸ்திவாரம் வழியாக நிலைக்கதவுக்கு ஏறுவது, எப்போதுமே வீட்டுக்காரர் பாடு. மண் கோடு கண்ணில் பட்டதும் சொல்ல வேண்டிய கடமை மட்டும் குடியிருப்பவருக்கு. மூட்டைப்பூச்சி இதற்கு நேர் எதிர். கட்டில், மெத்தை, பயணப்பெட்டி வழியாகத்தான் வரும். ஆனால் யார் பெட்டி என்று கண்டுபிடிக்கப் போனால் எல்லோரும் மறைக்கத் தொடங்குவார்கள், அது பரவிவிடும். அதனால் மூட்டைப்பூச்சிக்கு நான் பாதிப்பாதி பேசுவேன், விசாரணை வைக்க மாட்டேன்.

அன்று மாலை இரண்டு போர்ஷனுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன். ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறு என்று எழுதினால் மாடிப்படியில் நின்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

“வணக்கம். மூன்று வீட்டிலும் அட்டை வைத்துப் பார்த்ததில் சின்ன வகைக் கரப்பான் இருப்பது தெரிகிறது. எங்கள் வீட்டிலும் இருக்கிறது. எண்ணிக்கையைக் கீழே கொடுத்திருக்கிறேன். சிங்க் அடியில் குழாய் ஓட்டை அடைக்காமல் இருப்பதால் அது வழியாக எல்லா வீட்டுக்கும் போகிறது. அந்த ஓட்டையை அடைப்பது என் பொறுப்பு. ஜெல் வைக்கும் செலவும், மூன்று வாரம் கழித்து இரண்டாம் தடவை வருவதற்கான செலவும் என்னுடையது.

நீங்கள் செய்ய வேண்டியது: சனிக்கிழமைக்குள் அடுப்பு, மேடை, ஃபிரிட்ஜ் பின்பக்கம் ஆகியவற்றின் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புப் போட்டுத் துடைத்துவிடுங்கள். தேவையில்லாத அட்டைப்பெட்டிகளை அகற்றிவிடுங்கள். சனிக்கிழமை காலை 10 மணிக்கு வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். ஜெல் வைத்த பிறகு ஸ்ப்ரே, சாக்குக்கட்டி, பினாயில் எதையும் அந்த இடங்களில் பயன்படுத்த வேண்டாம். வீடு பூட்டியிருந்து ஆள் திரும்பிப் போனால், மறுபடி வரும் செலவு மட்டும் அந்த வீட்டாருடையது. யார் கொண்டுவந்தது என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குள்ளும் கேட்டுக்கொள்ள வேண்டாம்.”

கடைசி இரண்டு வாக்கியம் என் மனைவி சேர்க்கச் சொன்னது.

ஆளைப் பிடிப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. காசு வாங்கிக்கொண்டு பூச்சிமருந்து அடிக்கும் தொழிலுக்கு, 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். நிறுவனத்தில் அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. நான் போனிலேயே இரண்டு கேள்வி கேட்பேன்: உரிம எண் என்ன, என்ன மருந்து வைப்பீர்கள். மருந்தின் பெயரைச் சொல்லாமல் “ஹெர்பல் சார், வாசனையே இருக்காது” என்பவரை வைத்துக்கொள்வதில்லை. முதலில் பேசியவர் அப்படித்தான் சொன்னார். இரண்டாமவர் “இமிடாக்ளோபிரிட் ஜெல், ரெண்டு விசிட், பில்லுல மருந்து பேரு எழுதித் தர்றேன்” என்றார். மூன்று சமையலறைக்கும் சேர்த்து 3,200 ரூபாய்.

சனிக்கிழமை வந்த பையன் ஊசி போன்ற ஒரு குழலை வைத்திருந்தான். சமையலறை அலமாரியின் கீல் இடுக்கு, தட்டின் அடிவிளிம்பு, ஃபிரிட்ஜ் ரப்பர் ஓரம், மைக்ரோவேவ் வயர் சுவருக்குள் போகும் இடம் என்று பார்த்துப் பார்த்து மூக்குத்தி அளவில் ஒவ்வொரு பொட்டாக வைத்தான். பெரிய பொட்டாக நாலு வைப்பதைவிடச் சின்னப் பொட்டாக நாற்பது வைப்பதுதான் சரி. கரப்பான் தன் இடுக்கைவிட்டு அதிக தூரம் போகாது, சாப்பாடு அதன் வாசலில் இருக்க வேண்டும். குழந்தை தவழ்கிற வீடு என்பதால் தரை மட்டத்தில் ஒன்றும் வைக்க விடவில்லை. எல்லாம் அலமாரிக்குள்ளும் சாமான்களுக்குப் பின்னாலும்தான்.

ஜெல் வேலை செய்யும் விதம் ஸ்ப்ரேக்கு நேர்மாறு. அது இரை. தின்ற கரப்பான் உடனே சாகாமல் கூட்டுக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் சவத்தையும் மற்றவை தின்னும், குஞ்சுகள் உட்பட. வெளியே வராதவைக்கும் மருந்து இப்படித்தான் போய்ச் சேர்கிறது. இதற்குக் கரப்பான் பசியோடு இருக்க வேண்டும். மேடையில் எண்ணெயும் சாதமும் இருந்தால் ஜெல்லை யார் தின்பார்கள்? அதனால்தான் முன்கூட்டியே துடைக்கச் சொன்னது. வைத்த பிறகு துடைத்தால் மருந்தையே துடைத்துவிடுவோம். ஜெல்லின் மேல் ஸ்ப்ரே பட்டால் கரப்பான் அதை முகர்ந்துகூடப் பார்க்காது.

வேலை முடிந்ததும் பையன், “சார், வாசல்ல ஸ்ப்ரேயும் ஒரு ரவுண்டு அடிச்சிடவா? உடனே விழும், கஸ்டமருக்கு அதான் திருப்தி” என்றான். வேண்டாம் என்றேன். அடுத்த திங்கட்கிழமை பிளம்பர் வந்து மூன்று சிங்க் ஓட்டையையும் சிமென்ட் பூசி, குழாயைச் சுற்றி சிலிக்கான் வைத்து அடைத்தார். 900 ரூபாய்.

எல்லாம் சரியாக நடந்ததா என்றால் இல்லை. சனிக்கிழமை பத்து மணிக்குப் பையன்கள் வீடு பூட்டியிருந்தது. ஒருவன் ஊருக்குப் போயிருந்தான், இன்னொருவன் போனை எடுக்கவில்லை. அதிகக் கரப்பான் இருக்கும் வீட்டிலேயே மருந்து வைக்க முடியவில்லை. குடும்பத்து வீட்டிலோ ஐந்தாம் நாள் அந்தப் பெண் பதறிப்போய்க் கூப்பிட்டாள்: “அங்கிள், முன்னாடி ராத்திரிதான் வரும். இப்போ பகல்லயே வருது, அங்கங்க தள்ளாடிட்டுக் கிடக்கு.” மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். முதல் வாரம் இப்படித்தான் இருக்கும் என்று கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அது என் கவனக்குறைவு. அவள் மாமியார் அதற்குள் ஒரு அலமாரியை டெட்டால் போட்டுத் துடைத்துவிட்டிருந்தார்.

ஏழாம் நாள் மறுபடி அட்டை வைத்தோம். சிங்க் அடியில் 38 இருந்தது 11 ஆகியிருந்தது. பையன்கள் வீட்டில் 58. மாறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு எண்ணையும் படம் எடுத்து இருவருக்கும் அனுப்பினேன், வேறெதுவும் எழுதாமல். அடுத்த நாள் பையன்களில் ஒருவன் கீழே வந்தான். “சாரி சார். தனியா வரச் சொல்லுங்க, காசு நாங்க குடுத்துடறோம்.” தனி விசிட்டுக்கு 600 ரூபாய். அவர்களே கட்டினார்கள். ஃபிரிட்ஜை வெளியே இழுத்து, தண்ணீர்த் தட்டைக் கழற்றிக் கழுவி வெயிலில் வைத்ததும் அவர்களேதான். நான் முன்பே பொறுப்பை எழுதியிருக்காவிட்டால் இந்த 600 ரூபாய்க்கு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருப்போம்.

இரண்டாம் விசிட்டை வேண்டாமென்று விடுகிறவர்கள் அதிகம். கண்ணில் ஒன்றும் படாததால் பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். ஆனால் முட்டை உறைக்குள் இருப்பவை ஜெல்லைத் தின்பதில்லை. அவை பொரித்து வரும்போது பழைய பொட்டு காய்ந்து கல்லாகியிருக்கும். மூன்று வாரம் கழித்துப் புதுப் பொட்டு வைப்பது அந்தக் குஞ்சுகளுக்காக. அன்றைக்கு அட்டையில் குடும்பத்து வீட்டில் 3, பையன்கள் வீட்டில் 17. ஆறாம் வாரத்தில் இங்கே சைபர், அங்கே 2. அந்த 2-க்காக இன்னும் ஒரு மாதம் அட்டை இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டு அட்டை காலியாகத்தான் வந்தது. அதை என் மனைவி யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம் என்றாள்.

அடுத்து வந்த அக்ரிமென்ட் புதுப்பிப்பில் மூன்று வரி சேர்த்தேன். பூச்சியைப் பார்த்த ஏழு நாளுக்குள் குடியிருப்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட போர்ஷனிலோ கட்டடக் குறையாலோ வந்தால் செலவு வீட்டுக்காரருடையது, ஒரே போர்ஷனில் நின்றால் குடியிருப்பவருடையது. சொன்ன நாளில் வீடு திறந்திருக்க வேண்டும். “மொதல் வரிதான் அங்கிள் முக்கியம், சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்கன்னு இப்போ எழுத்துலயே இருக்கு” என்று கையெழுத்துப் போட்டாள் அந்தப் பெண்.

போன வாரம் காலை ஆறு மணிக்கு அவளிடமிருந்து மறுபடி ஒரு படம். பாத்ரூமில் வைத்திருந்த அட்டை. இத்தனை நாளும் காலியாகவே இருந்த அட்டை அது. நடுவில் ஒன்றே ஒன்று, அட்டையின் பாதியை அடைத்துக்கொண்டு, மீசையை நீட்டியபடி. “அங்கிள், இது வேற மாதிரி இருக்கு.”

பெரிதாக்கிப் பார்த்தேன். செம்பழுப்பு, மஞ்சள் வளையம். மாடிக்குப் போய் விசாரித்தேன். அந்த இரண்டாவது பாத்ரூமை இரண்டு மாதமாகச் சாமான் போட வைத்திருக்கிறார்கள், தண்ணீர் ஊற்றுவதே இல்லை. தரையில் இருக்கும் நஹானி ட்ராப்பில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கதவு. அது வற்றிக் காய்ந்து கிடந்தது. வாரம் ஒரு மக் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். மேன்ஹோல் மூடியின் ஒரு மூலை உடைந்து, கட்டைவிரல் போகும் அளவுக்குச் சந்து. கொத்தனாருக்குப் போன் போட்டேன்.